மழைக்காலம் தோறும் உரிந்த வெளிச்சுவர்: பெயிண்டின் பின்பக்கம் சொன்னது

மேற்கு வெளிச்சுவர் மூன்று வருடமாக ஒவ்வொரு மழையிலும் கொப்பளித்து உரிந்தது. முதலில் பட்டி வைத்து சாதாரண எமல்ஷன் அடித்தேன். அடுத்த வருடம் ரப்பர் போல இழுபடும் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட். அது இன்னும் மோசம், உள்ளே தண்ணீர் தேங்கிய பெரிய கொப்புளங்கள்.

உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பின்பக்கம் முழுக்க வெள்ளை உப்புத்தூள். அப்படியென்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து பெயிண்டைத் தள்ளுகிறது. தேடியதில், கைப்பிடிச்சுவரின் மேல்தளத்தில் மயிரிழை விரிசல்.

அதை அடைத்து, தண்ணீர் வழிய சரிவு கொடுத்தேன். பழைய பெயிண்ட், பட்டி எல்லாவற்றையும் பூச்சு தெரியும்வரை சுரண்டினேன். உப்பைக் கழுவக் கூடாது, கரைந்து திரும்ப உள்ளே போகும். உலர்ந்த பிரஷால்தான் தட்டினேன். கோடை முழுக்கக் காயவிட்டேன். அப்புறம் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் ஒட்டிவைத்தேன். அடியில் நீர்த்துளி இல்லை.

கடைசியாக, ஆவியை வெளியே விடும் சிலிகேட் பெயிண்ட், அதற்கான பிரைமரோடு இரண்டு கோட், பட்டியே இல்லை. வெற்றுப் பூச்சில்தான் இது பிடிக்கும், பழைய எமல்ஷன் மேல் நிற்காது. இரண்டு மழைக்காலம் போய்விட்டது, ஒரு கொப்புளம்கூட இல்லை. பெரிய நிம்மதி.