சமன்பாட்டைத் தராசில் தீர்க்க: 2 காலித் தீப்பெட்டிகள் கூடுதலாக

2x + 3 = 11 நடத்தும்போது நிஜத் தராசில், இடத்தட்டில் தலா 4 ஒரு ரூபாய் நாணயங்கள் ஒளித்த 2 தீப்பெட்டிகளும், வெளியே 3 நாணயங்களும் வையுங்கள். வலத்தட்டில் 11 நாணயங்களோடு 2 காலிப் பெட்டிகளும் வேண்டும்; இல்லாவிட்டால் பெட்டிகளின் எடையால் இடத்தட்டு தாழ்ந்துவிடும். எல்லா நாணயங்களும் ஒரே எடையில் இருக்கட்டும்.

இடப்பக்கம் மட்டும் 3 நாணயங்களை எடுக்கச் சொல்லுங்கள். தட்டு சாய்வதைக் கண்டதும் வலப்பக்கமும் 3 எடுக்க வேண்டுமென்று மாணவரே சொல்வார். “அந்தப் பக்கம் போனால் குறி மாறும்” என்ற விதியின் காரணம் இதுதான். மிஞ்சும் 2x = 8-இல் பலர் 2-ஐக் கழித்து 6 என்பார்கள்; இருபுறமும் பாதியை எடுக்கவைத்தால், ஒரு பெட்டிக்கு எதிரே 4 நாணயங்களும் ஒரு காலிப் பெட்டியும் நிற்கும்.

x + 5 = 2 போல விடை குறை எண்ணானால் இது உதவாது. அங்கே எண்கோடுதான் சரி.