நிற்கும் முன் மின்விசிறி எத்தனை சுற்று சுற்றும்?

சீராக வேகம் குறைந்து நிற்கும் மின்விசிறியின் சுற்றுகளை அறிய, தொடக்க வேகத்தின் பாதியை நிற்க எடுக்கும் நேரத்தால் பெருக்கினால் போதும். கோண முடுக்கத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டியதில்லை. தருமபுரியில் ஒரு வகுப்பறை விசிறி நிமிடத்திற்கு 360 சுற்று வேகத்தில் ஓடும்போது மின்சாரம் நின்று, 40 வினாடியில் ஓய்கிறது என்று கொண்டால், வினாடிக்கு 6 சுற்று என்பதன் பாதியான 3-ஐ 40-ஆல் பெருக்க, 120 சுற்று கிடைக்கிறது.

சுழன்ற கோணம் θ, தொடக்க வேகம் ω₀, கோண முடுக்கம் α, நேரம் t எனக் கொண்டால், θ = ω₀t + ½αt² என்ற சமன்பாட்டில், இறுதி வேகம் சுழி என்பதால் α = −ω₀/t என இட, θ = ½ω₀t என்றே சுருங்குகிறது. வேகத்தைச் சுற்றுகளாகவே வைத்துக்கொண்டால் விடையும் சுற்றுகளாகவே வருவதால், ரேடியனுக்கு மாற்றிவிட்டு, கடைசியில் 2π-ஆல் வகுக்க மறக்கும் வழக்கமான பிழைக்கு இடமிருக்காது.

ரெகுலேட்டரால் வேகம் குறைந்து விசிறி தொடர்ந்து ஓடினால் இது பொருந்தாது. அங்கே இரு வேகங்களின் சராசரியை எடுக்க வேண்டும். உண்மையான விசிறியிலோ, காற்றின் தடை வேகம் மிகுந்திருக்கும்போது வலுவாகவும், பின்னர் மிகக் குறைவாகவும் இருப்பதால், வேகம் முதலில் சட்டென்று விழுந்து, கடைசியில் இழுத்துக்கொண்டே போகும். சீரான குறைவாயின் இறுதி 10 வினாடியில் ஏழரைச் சுற்று வர வேண்டும். றெக்கை ஒன்றில் ஒட்டிய தாளைப் பார்த்து எண்ணும்போது அது தெளிவாகக் குறைந்திருந்தால், மொத்தச் சுற்றுகளும் 120-க்குக் கீழேதான் இருக்கும்.