கைக்குழந்தையையும் ஐந்து வயதுக் குழந்தையையும் காரில் சரியாக அமர்த்தும் முறை

2019-இல் திருத்தப்பட்ட இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான தனி இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றிச் செல்பவருக்கு 1,000 ரூபாய் அபராதம் உண்டு. ஆனால், எந்த எடைவரை எந்த இருக்கை வேண்டும், எந்த உயரத்துக்குப் பிறகு பெரியவர்களின் பெல்ட் போதும் என்பதை அந்தப் பிரிவு சொல்வதில்லை. ஐந்து வயதுச் சிறுமிக்குப் பெரியவர்களின் பெல்ட்டை மாட்டிவிட்டால் சட்டம் நிறைவேறிவிடும். அந்தப் பெல்ட் அவளுடைய வயிற்றின்மேல் கிடப்பதைச் சட்டம் கவனிக்காது. அதைக் கவனிக்க வேண்டியவர்கள் நாம்தான். எட்டு கிலோ எடையுள்ள ஏழு மாதக் குழந்தை, பதினேழு கிலோ எடையுள்ள ஐந்து வயது அக்கா, குழந்தை இருக்கையைப் பெல்ட் இல்லாமலே காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இல்லாத சற்றுப் பழைய கார் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இருவரையும் அமர்த்தும் முறையைப் பார்ப்போம்.

மடியில் வைத்துக்கொண்டால் என்ன?

நம் ஊரில் கைக்குழந்தை பெரும்பாலும் முன்னிருக்கையில் அம்மாவின் மடியில்தான் பயணிக்கிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதன்மீதாவது மோதி, சுமார் அறுபது சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த நொடிப்பொழுதில் எட்டு கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 130 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அந்தப் பலம் கிடையாது. தாயும் குழந்தையும் சேர்ந்து ஒரே பெல்ட்டைப் போட்டுக்கொள்வது இன்னும் ஆபத்தானது, ஏனெனில் தாயின் உடல் எடை முழுவதும் குழந்தையைப் பெல்ட்டோடு வைத்து நசுக்கிவிடும்.

முதல் படி: இடத்தையும் இருக்கையையும் தேர்ந்தெடுத்தல்

கைக்குழந்தையின் இருக்கையைப் பின்வரிசையில் இடப்பக்கம் பொருத்துங்கள். சாலையோரமாக நிறுத்தும்போது நடைபாதைப் பக்கம் நின்று குழந்தையை ஏற்றி இறக்க முடியும். பல பழைய கார்களில் பின்வரிசையின் நடுவில் இடுப்புப் பட்டை மட்டுமே இருக்கும் என்பதால் அந்த இடத்தைத் தவிர்த்துவிடலாம். செயல்பாட்டில் உள்ள ஏர்பேக் முன்னால் இருக்கும் இருக்கையில், பின்னோக்கிய குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது. விரியும் ஏர்பேக் அந்த இருக்கையின் முதுகில், அதாவது குழந்தையின் தலைக்கு நேர் பின்னால், மிகுந்த வேகத்தோடு மோதும்.

வாங்கும்போது ஒப்புதல் வில்லையைத் தேடிப் பாருங்கள். ஐரோப்பிய விதிமுறைப்படி சோதிக்கப்பட்ட இருக்கையில், வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும், ஆர்44 அல்லது ஆர்129 என்ற விதி எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். ஆர்44 எடையை வைத்துப் பிரிக்கிறது. நம் ஏழு மாதக் குழந்தைக்கு 13 கிலோ வரையிலான பின்னோக்கிய இருக்கை பொருந்தும். புதிய ஆர்129 விதியோ, பதினைந்து மாதம் ஆகும்வரை குழந்தை பின்னோக்கியே அமர வேண்டும் என்கிறது. உடலோடு ஒப்பிட்டால் கைக்குழந்தையின் தலை கனமானது, கழுத்தோ இன்னும் உறுதிப்படாதது. பின்னோக்கி இருந்தால், மோதும்போது தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் முதுகுப்பகுதி ஒருசேரத் தாங்கிக்கொள்ளும். குழந்தையின் கால் மடங்கி இருக்கிறதே என்று பலர் அவசரப்பட்டு முன்னோக்கித் திருப்பிவிடுகிறார்கள். கால் மடங்குவதால் கெடுதல் இல்லை. இருக்கையின் எடை வரம்பு தாண்டும்வரை, அல்லது தலையின் உச்சி அதன் மேல்விளிம்பை நெருங்கும்வரை, திருப்ப வேண்டாம்.

இரண்டாம் படி: பெல்ட்டைச் சுற்றிக் கட்டுதல்

பெரும்பாலான தவறுகள் நடப்பது இங்கேதான். ஆர்44 இருக்கைகளில் பின்னோக்கிக் கட்டுவதற்கான பெல்ட் வழி நீல நிறத்திலும், முன்னோக்கிக் கட்டுவதற்கானது சிவப்பு நிறத்திலும் குறிக்கப்பட்டிருக்கும். கைக்குழந்தைக்கான தூக்கு இருக்கைகள் பலவற்றில், காரின் இடுப்புப் பட்டை குழந்தையின் கால்பகுதிக்கு மேலாக இருபுற நீலப் பள்ளங்கள் வழியே செல்லும்; பெல்ட்டின் தோள் பகுதியான தோள்பட்டை இருக்கையின் முதுகுப்புறத்தைச் சுற்றி வரும். உங்கள் இருக்கையின் வழி வேறாக இருந்தால் அதன் கையேட்டில் உள்ள படத்தையே பின்பற்றுங்கள்.

பக்கிளை மாட்டியதும், ஒரு கையால் இருக்கையைக் கீழ்நோக்கி நன்றாக அழுத்திக்கொண்டே, மறுகையால் முதலில் இடுப்புப் பட்டையையும் பிறகு தோள்பட்டையையும் இழுத்துத் தளர்வை எடுங்கள். சாதாரண கார் பெல்ட் சட்டென்று இழுக்கும்போது மட்டுமே பூட்டிக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் நீண்டுகொண்டே வரும். எனவே இருக்கையிலேயே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் இருந்தால் அதைக் கட்டாயம் பூட்டுங்கள். பின்னர் பெல்ட் செல்லும் இடத்தில் பிடித்து இடவலமாக அசைத்துப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் மறுபடி கட்ட வேண்டும்.

எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் காரின் பக்கிளைப் பாருங்கள். அதன் தண்டு நீளமாக இருந்து, பக்கிள் இருக்கையின் நீலப் பள்ளத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தால், அந்த இருக்கை அந்த இடத்துக்குப் பொருந்தாது. பெல்ட்டின் நீளம் போதாமல் போவதும் உண்டு. இரண்டுக்கும் தீர்வு வேறு இடமோ வேறு இருக்கையோதான். பெல்ட்டை நீட்டிக்கும் துண்டுகளை வாங்கி மாட்டாதீர்கள். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே, கடை வாசலில் உங்கள் காரில் ஒருமுறை கட்டிப் பார்த்துவிடுங்கள்.

சாய்வையும் கவனிக்க வேண்டும். இருக்கை நிமிர்ந்து நின்றால், தூங்கும் குழந்தையின் தாடை மார்பில் இடித்து மூச்சுவழி அடைபடலாம். பல இருக்கைகளின் பக்கவாட்டில் ஒரு கோடோ குமிழியோ இருக்கும்; கார் சமதரையில் நிற்கும்போது அது காட்டும் அளவில் சாய்வை வையுங்கள்.

மூன்றாம் படி: குழந்தையைப் பட்டைகளுக்குள் அமர்த்துதல்

பின்னோக்கிய இருக்கையில் தோள்பட்டைகள் குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். பட்டையை இறுக்கிய பின், காறை எலும்பருகே இரு விரலால் அதைக் கிள்ளிப் பாருங்கள். துணி மடிப்பாகக் கையில் வந்தால் இன்னும் தளர்வாக இருக்கிறது என்று பொருள். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறீர்கள் என்றால், தடித்த ஸ்வெட்டரைப் போட்டு அதன்மேல் பட்டையை இறுக்காதீர்கள். மோதலின்போது ஸ்வெட்டர் அமுங்கி, அந்த அளவுக்குப் பட்டை தளர்ந்துவிடும். மெல்லிய ஆடையோடு பட்டையை மாட்டி, அதற்கு மேல் போர்வையைப் போர்த்துங்கள். வெயிலில் நின்ற காரில் உலோகப் பக்கிள் குழந்தையின் தொடையைச் சுட்டுவிடும் என்பதால், அமர்த்தும் முன் அதைத் தொட்டுப் பாருங்கள்.

அக்காவுக்கு

பதினேழு கிலோவில் அவளுக்கு முதுகுப்பகுதி உள்ள பூஸ்டர் பொருந்தும். ஆர்44 வகையில் இது 15 முதல் 36 கிலோ வரையானது. பூஸ்டர் அவளைக் கட்டிப்போடுவதில்லை, உயர்த்தி உட்காரவைத்துக் காரின் பெல்ட் சரியான எலும்புகளின்மேல் விழும்படி செய்கிறது. ஆகவே தோள்பட்டையும் இடுப்புப் பட்டையும் சேர்ந்த பெல்ட் உள்ள வலப்பக்க இடமே அவளுக்கு உரியது. இடுப்புப் பட்டை வயிற்றின்மேல் ஏறாமல், தொடை தொடங்கும் இடத்தில் இடுப்பெலும்பை ஒட்டித் தாழ்வாகக் கிடக்க வேண்டும். தோள்பட்டை கழுத்தை உரசாமலும் புஜத்தில் நழுவாமலும் தோளின் நடுவில் செல்ல வேண்டும். கழுத்தில் உரசுகிறது என்று அவள் பட்டையை அக்குளுக்கடியில் தள்ளிவிட்டால், மோதலில் மேலுடலைத் தடுக்க எதுவும் இருக்காது. கண்டிப்பதைவிட, பூஸ்டரின் தலைத்தாங்கி உயரத்தை மாற்றி உரசலை நீக்குவதே பலன் தரும்.

பூஸ்டர் எப்போது தேவையில்லை என்பதற்கு உயரமே அளவுகோல். பிரிட்டனில் 135 செ.மீ. உயரமோ பன்னிரண்டு வயதோ, எது முதலில் வருகிறதோ அதுவரை கட்டாயம். ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் 150 செ.மீ. வரை. பூஸ்டர் இல்லாமல் முதுகு முழுவதும் இருக்கையில் ஒட்டி உட்காரும்போது, முழங்கால் இருக்கையின் விளிம்பில் இயல்பாக மடங்க வேண்டும், மேலே சொன்ன இரு இடங்களிலும் பெல்ட் தானாகவே விழ வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பூஸ்டரைத் தொடருங்கள்.

அவள் வராத நாளில் பூஸ்டரை வெறுமனே விட்டுவிடாமல் அதையும் பெல்ட்டால் கட்டி வையுங்கள். திடீரென பிரேக் பிடித்தால், கட்டப்படாத பூஸ்டர் பக்கத்தில் இருக்கும் கைக்குழந்தையின்மேல் வந்து விழக்கூடும்.