‘புதிதாக ஒன்று சேர்த்தோம், அவ்வளவுதான்’: ஆர்டர் ஏபிஐயை மாற்றும்போது நடக்கும் தவறுகள்

புதுச்சேரி சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடலூர் சிப்காட் தொழிற்சாலைகள் அதன் வாடிக்கையாளர்கள். அவர்கள் போன் போட்டு ஆர்டர் சொல்வதில்லை; அவர்களுடைய புரோகிராமே இந்தக் கம்பெனியின் ஏபிஐக்கு ஆர்டரை அனுப்பிவிட்டு, கால் மணிக்கு ஒரு முறை நிலவரம் கேட்கிறது. பதிலில் `status` என்ற ஃபீல்டில் மூன்றில் ஒன்று வரும்: `ACCEPTED`, `SHIPPED`, `REJECTED`.

இருக்கிற ஃபீல்டை எடுத்துவிட்டால் வாடிக்கையாளர் பக்கம் உடையும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் அதைச் சட்டென்று செய்வதில்லை. ஆபத்து, ‘எதையும் எடுக்கவில்லையே, சேர்க்கத்தானே செய்தோம்’ என்று பழைய வெர்ஷனிலேயே விட்டுவிடும் மாற்றங்களில்தான் இருக்கிறது.

கம்பெனி இப்போது சரக்கைப் பகுதி பகுதியாக அனுப்ப ஆரம்பிக்கிறது. 2,000 பெட்டி கேட்டால், கையில் இருக்கும் 1,200 இன்றைக்கு, மீதி வெள்ளிக்கிழமை. இதைச் சொல்ல நான்காவதாக ஒரு ஸ்டேட்டஸ் வருகிறது:

```json
{"po_no": "4471", "status": "PARTIALLY_SHIPPED",
 "qty": 2000, "shipped_qty": 1200}
```

கடலூர்ப் பக்கத்துப் புரோகிராமில் இருப்பது இவ்வளவுதான்: `ACCEPTED` வந்தால் காத்திரு, `SHIPPED` வந்தால் சரக்கு வரவைப் பதிவு செய், வேறு எது வந்தாலும் நிராகரிக்கப்பட்டது என்று கொண்டு புது ஆர்டர் போடு. எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் கொடுத்த ஆவணத்தில் மூன்று சொற்கள்தான் இருந்தன; இரண்டைச் சோதித்தார், மூன்றாவதை `else`-இல் விட்டார். நான்காவது சொல் வந்த அடுத்த கால் மணிக்குள் இன்னொரு 2,000 பெட்டிக்கு ஆர்டர் விழுகிறது. அதுவும் புதிய எண்ணில் வருவதால், ஒரே எண் இருமுறை வந்தால் தடுக்கும் உங்கள் காவல் இங்கே எடுபடாது. பெட்டியில் வாடிக்கையாளரின் பெயர் அச்சாகியிருக்கும், வேறு யாருக்கும் விற்கவும் முடியாது.

இதில் மோசமான விஷயம், உங்கள் பக்கம் எந்த எச்சரிக்கையும் அடிக்காது. எல்லா அழைப்புக்கும் ‘சரி’ என்று பொருள்படும் 200 பதில்தான் போயிருக்கும். பிழைகளின் வரைபடம் தட்டையாகவே இருக்கும். பார்க்க வேண்டியது வேறு: ஒரே வாடிக்கையாளர், ஒரே சரக்கு, ஒரே அளவு, ஒரே நாளில் இரண்டு ஆர்டர். மாற்றம் வெளியான பிறகு ஒவ்வொரு வாடிக்கையாளரின் ஆர்டர் எண்ணிக்கையையும் முந்தைய வாரத்தின் அதே கிழமையோடு ஒப்பிட்டால், அன்றைக்கே தெரிந்துவிடும்.

சரி, எப்படிச் செய்திருக்கலாம்? புதிய ஸ்டேட்டஸை v2 என்ற புது வெர்ஷனில் மட்டும் காட்ட வேண்டும். உள்ளே ஒரே ஆர்டர், ஒரே தரவுதான். பழைய வெர்ஷனான v1 வழியாகக் கேட்பவருக்குப் பதில் வெளியே போகும் இடத்தில் ஒரு மொழிபெயர்ப்பு. (v1-க்கும் v2-க்கும் தனித்தனியாக முழு நிரலையும் நகலெடுத்து வைப்பவர்கள் உண்டு. ஆறு மாதத்தில் ஒன்றில் திருத்திய பிழை மற்றதில் அப்படியே இருக்கும்.) `PARTIALLY_SHIPPED` என்பதை v1-க்கு எந்தச் சொல்லாக மாற்றுவது என்பதில் கவனம் வேண்டும். `SHIPPED` என்று மாற்றினால், 1,200 பெட்டி வந்ததற்கு அவர்கள் கணக்கில் 2,000 வரவாகிவிடும். `ACCEPTED` என்று விட்டால், கடைசிப் பெட்டி கிளம்பும்வரை ‘ஆர்டர் எடுத்துக்கொண்டோம், முழுதாக அனுப்பவில்லை’ என்ற உண்மையைத்தான் சொல்கிறோம். முதல் லாரி வரும்போது கேட்டில் குழப்பம் வரலாம். அதற்கு டெலிவரி சலானில் பகுதிச் சரக்கு என்று குறித்து அனுப்பினால் போதும்.

புதிய ஃபீல்டுகளும் இதே வகைதான். தெரியாத ஃபீல்டு வந்தால் விட்டுவிடுவார்கள் என்று நாம் நினைப்போம். ஜாவாவில் பலரும் பயன்படுத்தும் ஜாக்சன் 2 நூலகமோ, தனியாகச் சொல்லாவிட்டால் அறியாத ஃபீல்டைக் கண்டதும் பிழை எறிந்து நின்றுவிடும். ஆகவே ‘தெரியாத ஃபீல்டை விட்டுவிடுங்கள், தெரியாத ஸ்டேட்டஸ் வந்தால் ஆளிடம் காட்டுங்கள்’ என்று முதல் நாளே ஆவணத்தில் எழுதுங்கள். எழுதினால் மட்டும் போதாது; சோதனைச் சூழலில் அவ்வப்போது ஒரு பொய் ஸ்டேட்டஸையும் ஒரு பொய் ஃபீல்டையும் வேண்டுமென்றே அனுப்பிப் பார்க்க வேண்டும்.

பெயர் அப்படியே இருந்து பொருள் மாறுவது இதைவிடக் கொடியது. `amount` இதுவரை வரி சேராத தொகை. யாரோ வசதி கருதி வரியோடு சேர்த்து அனுப்பத் தொடங்குகிறார்கள். சேதராப்பட்டிலிருந்து கடலூர் கொஞ்ச தூரம்தான், ஆனால் மாநிலக் குறியீடு 34-இலிருந்து 33-க்குப் போவதால் ஐஜிஎஸ்டி. வாடிக்கையாளரின் புரோகிராம் வழக்கம்போல் அதைத் தானே கூட்டும். வரி 5 சதவீதம் என்று கொண்டால், 1,00,000 ரூபாய் சரக்குக்கு 1,05,000 வர வேண்டிய இடத்தில் 1,10,250 பதிவாகும். எண்ணும் எண்தான், வடிவமும் சரிதான், எந்தச் சோதனையும் பிடிக்காது. பழைய பெயருக்குப் பழைய பொருளையே விட்டுவிட்டு, `amount_with_tax` என்று புதுப் பெயர் வையுங்கள்.

வெர்ஷன் குறிப்பிடாமல் வரும் அழைப்புக்குப் புதியதைக் கொடுப்பதும் தவறு. அந்த வாடிக்கையாளர் முதலில் எந்த வெர்ஷனில் இணைந்தாரோ, அதையே கொடுங்கள்.

கடைசியாக, பழையதை மூடுவது. இதற்கென்றே தர நிர்ணயம் உண்டு: `Sunset` ஹெடர் 2019-இல் ஆர்எஃப்சி 8594 ஆகவும், `Deprecation` ஹெடர் 2025-இல் ஆர்எஃப்சி 9745 ஆகவும் வந்தன.

```
Deprecation: @1767225600
Sunset: Wed, 16 Sep 2026 05:00:00 GMT
```

`Deprecation` என்பது இனி இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லும் நாள், `Sunset` என்பது மூடும் நேரம். மூடும் நேரம் ஜிஎம்டியில் இருக்கிறது. நமக்குக் காலை 10.30. நள்ளிரவில் மூடினால், உடைந்ததைக் காலையில் லாரி கிளம்பும்போதுதான் கண்டுபிடிப்பார்கள். இந்தக் கரையோரத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூடும் தேதியே வைக்காதீர்கள் என்பேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அப்படியொரு வாரத்தில் யாரும் புரோகிராம் திருத்த உட்கார மாட்டார்கள்.

ஹெடரைப் போடுங்கள், ஆனால் அதை நம்பாதீர்கள். எழுதிக்கொடுத்த ஆள் என்றோ வேறு வேலைக்குப் போயிருப்பார், மெயில் பர்ச்சேஸ் துறைக்குப் போய் அப்படியே கிடக்கும். யார் இன்னும் v1-ஐக் கூப்பிடுகிறார்கள் என்பதை உங்கள் லாகிலிருந்துதான் எடுக்க வேண்டும்: வாடிக்கையாளரின் ஏபிஐ சாவி வாரியாக, ஒவ்வொரு அழைப்பு வகைக்கும் தனியாக. ஒரு மாத லாகு போதாது. தினமும் ஆர்டர் போடுகிறவர் v2-க்கு மாறியிருப்பார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடக்கும் ஆர்டர் ரத்து மட்டும் v1-லேயே நிற்கும்.

பட்டியலில் மிஞ்சியவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, மூடும் நாளுக்குச் சில வாரம் முன்பு ஒரு வேலை நாள் காலையில் பத்து நிமிடம் மட்டும் v1-க்கு ‘இது இனி இல்லை’ என்று பொருள்படும் 410 பதில் கொடுத்துப் பாருங்கள். முதலில் நிலவரம் கேட்கும் அழைப்புகளுக்கு மட்டும். ஆர்டர் அழைப்புக்கும் செய்வதாக இருந்தால், எதையும் பதிவு செய்வதற்கு முன்னாலேயே அந்தப் பதில் போய்விட வேண்டும். உள்ளே ஆர்டர் விழுந்த பிறகு வெளியே 410 போனால், அவர்கள் புது எண்ணில் திரும்பவும் அனுப்புவார்கள், இரண்டு ஆர்டர்தான் நிற்கும்.