பல்லைக் கடித்தால் காது இரைச்சல் கூடுகிறதா?

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகும் என் சித்திக்கு வலது காதில் ஓயாமல் 'ஙொய்' என்று இரைச்சல். சீசன் நாட்களில் மாலைக்குள் அது அதிகமாகிவிடும். முறத்தைப் பார்த்துக் குனிந்தபடியே, தன்னை அறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்.

அமைதியான அறையில் பல்லை இறுகக் கடித்துப் பாருங்கள். தாடையை முன்னால் தள்ளுங்கள், தலையை மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் கூடினாலோ மாறினாலோ, தாடைக்கும் கழுத்துக்கும் அதில் பங்கு இருக்கலாம். அங்கிருந்து வரும் நரம்புச் செய்திகள் மூளைத்தண்டில் கேட்கும் பாதையோடு கலக்கின்றன. ஆனால் இரைச்சல் உள்ள பலருக்கும் இப்படி மாறும். காலையில் தாடை வலியும் இருந்தால்தான் சந்தேகம் வலுக்கும்.

சித்திக்கு உதவியது இதுதான்: உதடு மூடியிருக்கும், பற்கள் தொடாது, நாக்கு நுனி மேல்பல்லின் பின்னால் இருக்கும். அரைமணிக்கு ஒருமுறை இதைச் சரிபார்த்தார். முறத்தை உயரமான பலகைக்கு மாற்றினார். இரவில் கன்னத்துக்குப் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம். வெற்றிலை பாக்கையும் விட்டார் (அதுதான் பெரிய போராட்டம்). ஆறு வாரத்தில் சத்தம் தணிந்தது, முழுதாகப் போகவில்லை.

தூக்கத்தில் பல் கடிப்பவர்கள், இரவில் பல் வரிசைமேல் மாட்டிக்கொள்ளும் உறையைப் பல் மருத்துவரிடம் கேட்கலாம். சலூனில் கழுத்தைச் சொடுக்கு எடுக்காதீர்கள், ரத்தக்குழாய் கிழியக்கூடும். திடீரென்று காது மந்தமானாலோ, நாடித்துடிப்போடு சத்தம் கேட்டாலோ உடனே காது மருத்துவரைப் பாருங்கள்.