சீயக்காயும் பூந்திக்கொட்டையும்: தூளாகப் பூசாமல், சாறாக வடித்துக் குளிக்கும் முறை

சிங்கப்பூர் தேக்கா மளிகைக் கடைகளில் கிடைக்கும் சீயக்காய்த் தூளையும் பூந்திக்கொட்டைத் தூளையும் தண்ணீரில் குழைத்து அப்படியே தலையில் தேய்ப்பவர்களில் பலர், விரைவிலேயே ஷாம்புவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். தூள் முடியின் வேரில் தங்கி, காய்ந்தபின் பொடுகுபோல உதிர்வதும், அடுக்குமாடி வீட்டுக் குளியலறையின் வடிகாலில் படிவதும்தான் காரணம். ஆனால் இவற்றில் அழுக்கை நீக்கும் சப்போனின் என்னும் பொருள் நீரில் கரையக்கூடியது. ஆகவே தலைக்குச் சாறு போதும், சக்கை வேண்டாம்.

தோள்வரை முடி உள்ளவர்களுக்கு இரண்டு மேசைக்கரண்டி சீயக்காய்த் தூள், ஒரு மேசைக்கரண்டி பூந்திக்கொட்டைத் தூள், அரை லிட்டர் தண்ணீர் போதுமானவை. நுரைக்கு ஆசைப்பட்டுப் பூந்திக்கொட்டையைக் கூட்டினால் முடி வறண்டு போகும். எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, சிறுதீயில் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். நுரை பொங்கி அடுப்பில் வழியும் என்பதால், பாத்திரத்தில் பாதிக்குமேல் நிரப்ப வேண்டாம்.

வடிகட்டுவதில்தான் பொறுமை வேண்டும். அடுப்பை அணைத்ததும் வடிகட்டினால் நுண்தூள் துணியின் கண்களை அடைத்துவிடும். அவசரத்தில் துணியைப் பிழிந்தால் அதே தூள் சாற்றுக்குள் இறங்கிவிடும். எனவே, வெதுவெதுப்பாகும்வரை பாத்திரத்தை அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்த நீரை முதலிலும் அடிமண்டியைக் கடைசியிலும் ஊற்றி, தானாகச் சொட்டவிடுங்கள். தேநீர் வடிகட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். காப்பிக்கடைகளில் பயன்படுத்தும் நீண்ட துணி வடிகட்டியே இதற்கு ஏற்றது, அதில் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடலாம். சாற்றில் ஒரு துளியை இரு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் இன்னொரு முறை வடிக்க வேண்டும்.

குளிக்கும்போது தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுங்கள். கண்ணில் பட்டால் எரிச்சல் கடுமையாக இருக்கும். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

ஷாம்புவோடு ஒப்பிட்டால், எண்ணெய்ப் பசையை நீக்குவதில் இந்தச் சாறு பின்தங்கியே நிற்கிறது. தலை நிறைய நல்லெண்ணெய் வைத்த நாளில் இரண்டு முறை ஊற்றினாலும் பிசுக்கு மிஞ்சலாம். சல்பேட் கலந்த ஷாம்பு அதை ஒரே முறையில் எடுத்துவிடும். முடியை வழுவழுப்பாகக் காட்டும் சிலிக்கோன் பூச்சும் இதில் கிடையாது என்பதால், குளித்ததும் முடி சற்றுச் சொரசொரப்பாகவே இருக்கும். மாறாக, செயற்கை வாசனைப் பொருள்கள் ஒத்துக்கொள்ளாத தலைக்கு இது நல்ல மாற்று. விடாத பொடுகுக்கு மட்டும் இதை நம்பியிராமல், கீட்டோகோனசோல் கலந்த மருந்து ஷாம்புவை நாடுவதே சரி.

பின்சேர்க்கை: மீந்த சாறு மறுநாளே புளித்து நாறுவதாகச் சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். பதப்பொருள் எதுவும் சேர்க்காத சாறு, நம் ஊர் வெக்கையில் வெளியே வைத்தால் தாங்காது. பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, தேவையான கட்டிகளை மட்டும் வெந்நீரில் கரைத்துக்கொள்ளலாம்; அந்தத் தட்டைச் சமையலுக்குப் பயன்படுத்த வேண்டாம்.