புரை ஏறாமலே நுரையீரலுக்குள் போவது: சீழ்க்கட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாப்பிடும்போது புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் வழக்கம். யார் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், அந்த இருமல் நல்ல இருமல். சோற்றுப் பருக்கையோ எச்சிலோ மூச்சுக்குழாயின் வாசலைத் தொட்டதும் தொண்டை அதை வெளியே தள்ளிவிடுகிறது. புரை ஏற வேண்டிய நேரத்தில் ஏறாதவர்கள்தான் சேலத்தில் நெஞ்சு மருத்துவம் பார்க்கும் என்னிடம் வந்து சேருகிறார்கள். ஒன்று, பக்கவாதத்தில் தொண்டை உணர்விழந்தவர்கள். இன்னொன்று, நினைவு தப்பும் அளவுக்குக் குடித்துவிட்டு மல்லாந்து தூங்குகிறவர்கள்.

இரண்டாவது வகையில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரமேறி மிளகு பறிப்பவர், வயது நாற்பத்தெட்டு. வேலை முடிந்து தினமும் குடி, சம்பள நாளில் அளவே கிடையாது. பிப்ரவரியில், பறிப்பு மும்முரமாக நடக்கும் நேரத்தில், காய்ச்சல் வந்தது. மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின் மூன்று நாள். கொஞ்சம் தேவலை, மறுபடி காய்ச்சல். செஃபிக்ஸிம் ஐந்து நாள். அப்புறம் லெவோஃப்ளாக்ஸசின் ஒரு வாரம். இப்படியே ஒரு மாதம் போனது. எடை 54 கிலோவிலிருந்து 47-க்கு இறங்கியது. மலையிறங்கி வந்தபோது நோயைச் சொன்னவர் அவர் மனைவிதான்: "இருமுனா வூட்ல இருக்க முடியலீங்க சார், எலி செத்த வாடை அடிக்குது."

முதல் தவறு, இந்த வாடையை யாரும் கேட்காமல் விட்டது. சளி இப்படி நாறினால், காற்றில்லா இடத்தில் வளரும் வாய்க் கிருமிகள் நுரையீரலுக்குள் குடியேறிவிட்டன என்றே பெரும்பாலும் பொருள். அவர் வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறெல்லாம் சீழ், ஆறேழு பல் ஆடிக்கொண்டிருந்தது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு இறங்கினால், விழித்திருப்பவர் இருமித் தள்ளிவிடுவார், போதையில் கிடப்பவர் தள்ளமாட்டார். வலது மூச்சுக்குழாய் அகலமானது, நேராகக் கீழிறங்குவது. அதனால் பெரும்பாலும் வலது பக்கமே போகும். மல்லாந்து படுத்திருந்தால் நுரையீரலின் முதுகுப்புறப் பகுதியில் தேங்கும். முதலில் நிமோனியா, ஒன்றிரண்டு வாரத்தில் அந்த இடம் அழுகிக் குழியாகி உள்ளே சீழ் கட்டும். அவர் எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப் பாகத்தில், சரியாக அந்த முதுகுப்புறத்தில், ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு குழி. பாதி நிரம்பிய சொம்பில் தண்ணீர் நிற்பதுபோலச் சீழின் மேல்மட்டம் நேர்கோடாகத் தெரிந்தது.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல்லே இல்லாத வாயோடு வந்தவருக்கு இதே படம் தெரிந்தால் நான் வேறு மாதிரி யோசிப்பேன். ஈறுக் கிருமி இல்லாத இடத்தில் சீழ்க்கட்டி வந்தால், மூச்சுக்குழாயைப் புற்றுநோய்க்கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

எக்ஸ்ரேயில் குழியைப் பார்த்ததும் நம் ஊரில் அடுத்து நடக்கும் தவறு, சளியைச் சோதிக்காமலே டிபி மாத்திரையை ஆரம்பிப்பது. ஒரு மாதக் காய்ச்சல், மெலிவு, இருமல், குழி எல்லாம் சேர்ந்தால் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் டிபி குழியில் இப்படி நீர்மட்டம் பெரும்பாலும் இருக்காது, சளியும் இப்படி நாறாது. சந்தேகத்தைத் தீர்க்கச் சளியை, டிபி கிருமியைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்பலாம். அரசு மருத்துவமனையில் இலவசம், பொதுவாக ஒரே நாளில் முடிவு வரும். இவருக்கு இரண்டு முறை அனுப்பினோம், இரண்டிலும் டிபி இல்லை.

இங்கேதான் அந்த லெவோஃப்ளாக்ஸசின் மேல் எனக்குக் கோபம். அந்த வகை மருந்துகள் டிபி கிருமியையும் கொஞ்சம் அடிக்கும். டிபி இருப்பவருக்கு ஒரு வாரம் கொடுத்தால் ஆள் தேறியதுபோலத் தெரியும், பரிசோதனையில் கிருமி அகப்படாமல் போகலாம், நோயைக் கண்டுபிடிக்கும் நாள் தள்ளிப்போகும். சீழ்க்கட்டிக்காவது உதவுமா என்றால், காற்றில்லாக் கிருமிகள் மேல் லெவோவுக்கு வலு குறைவு. மாக்ஸிஃப்ளாக்ஸசினுக்கு அந்த வலு உண்டு, ஆனாலும் டிபியை மறைக்கும் வம்பு அதற்கும் இருக்கிறது. டிபி இல்லை என்று உறுதியாகும்வரை இந்த வகையைத் தொடாமல் இருப்பதே என் பழக்கம்.

சரி, எந்த மருந்து? வாய்க் கிருமிக்கு என்றதும் பலருக்கும் நினைவு வருவது மெட்ரோனிடசோல். வயிற்றுப்போக்குக்கு வாங்கும் அதே மாத்திரைதான். காற்றில்லாக் கிருமிகளை அது நன்றாகவே கொல்லும். ஆனால் சீழ்க்கட்டிக்குள் அவை மட்டும் இல்லை. வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளும் கூடவே இருக்கும், அவற்றை மெட்ரோனிடசோல் தொடாது. அதனால்தான் தனியாகக் கொடுத்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கேட்பதில்லை. இன்னொரு கூத்தும் உண்டு. இந்த மாத்திரையோடு குடித்தால் ஆகாது என்று சொல்லி அனுப்பினால், சிலர் குடியை விடுவதில்லை, மாத்திரையை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு வகைக் கிருமியையும் சேர்த்து அடிப்பவை அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட், ஆம்பிசிலின்–சல்பாக்டம் போன்ற கூட்டு மருந்துகள். இவற்றில் ஒன்றைக் கொடுத்தால் மெட்ரோனிடசோலைக் கூடச் சேர்க்க வேண்டியதில்லை. பெனிசிலின் ஒவ்வாதவருக்குக் கிளிண்டமைசின் இருக்கிறது. அதில் கடுமையான வயிற்றுப்போக்கு வந்தால் அலட்சியம் செய்யாமல் உடனே சொல்ல வேண்டும். "பவர்ஃபுல் ஊசி" என்று சிலர் கேட்டு வாங்கும் அமிகாசின், ஜென்டாமைசின் இரண்டும் சீழுக்குள் வேலை செய்யாது. அங்கே ஆக்சிஜனும் இல்லை, புளிப்பும் அதிகம். குடிப்பவர்களில் கிளெப்சியெல்லா என்ற கிருமியும் சீழ்க்கட்டி கட்டும். அது சளிக் கல்ச்சரில் வளர்ந்தால், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று ஆய்வகம் சொல்வதைப் பார்த்து மாற்ற வேண்டும். மற்றபடி கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்பதால் கிருமியே இல்லை என்று ஆகிவிடாது. காற்றில்லாக் கிருமிகள் சாதாரணச் சளிக் கல்ச்சரில் வளரமாட்டா.

இவருக்கு அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட் 1.2 கிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பில் போட்டோம். மூன்றாம் நாள் இரவு கைநடுக்கம், சுவரில் பூச்சி ஓடுகிறது என்று புலம்பல். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று மனைவி அழுதார். அது குடி திடீரென்று நின்றதால் வந்தது. அதற்கு லோரசெபாம் வேண்டும், ஆனால் அளவு மீறினால் ஆள் மயங்கி, மறுபடியும் எச்சில் உள்ளே போகும். தலைமாட்டை உயர்த்தி, பக்கத்தில் ஆள் இருந்து பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். சேர்த்த அன்றே தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் போட்டிருந்தோம். குடிப்பவருக்கு அதைப் போடாமல் குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

ஐந்தாம் நாளும் காய்ச்சல் நிற்கவில்லை. மருந்தை மாற்றச் சொல்லி உறவினர்கள் நின்றார்கள், யாரோ ஊசி குத்திச் சீழை உறிஞ்சிவிடலாம் என்றும் சொன்னார்கள். சீழ்க்கட்டியில் காய்ச்சல் இறங்க ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம். உச்சம் நாளுக்கு நாள் குறைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இவருக்கு 103 டிகிரியில் ஆரம்பித்து 101-க்கு வந்திருந்தது, ஏழாம் நாள் நின்றது. நுரையீரல் சீழுக்குத் தானாக ஒரு வடிகால் உண்டு, இருமினால் மூச்சுக்குழாய் வழியாக வெளியே வரும். வெளியிலிருந்து குத்தினால் சீழ் நெஞ்சறைக்குள் கசியலாம். மருந்துக்கு மசியாத சிலருக்கும், கட்டி மிகப் பெரியதாக இருப்பவருக்கும் மட்டுமே அது தேவைப்படும். பத்து நாளாகியும் உச்சம் குறையவில்லை என்றால், சிடி ஸ்கேனும் மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதும் அடுத்த படி.

எல்லாவற்றிலும் அதிகம் பார்க்கும் தவறு கடைசியில் வருவது: காய்ச்சல் நின்றதும் மருந்தை நிறுத்துவது. பத்தாம் நாள் இவரை அதே மருந்தின் 625 மில்லிகிராம் மாத்திரைக்கு, நாளுக்கு மூன்று வேளையாக, மாற்றி வீட்டுக்கு அனுப்பினோம். இரண்டாம் வாரம் போனில், "நல்லாத்தான் இருக்கேன், மரம் ஏறலாமா?" என்றார். வரவழைத்து எடுத்த எக்ஸ்ரேயில் குழி கொஞ்சம்தான் சுருங்கியிருந்தது. குழி மூட வாரக்கணக்கில் ஆகும். அது மறைந்து, அல்லது சின்னத் தழும்பாக நிலைக்கும்வரை மாத்திரை தொடர வேண்டும். பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு வாரம். இடையில் விட்டால் மிஞ்சிய கிருமி மறுபடி சீழ் கட்டும். இவருக்கு ஆறு வாரம் பிடித்தது. அதற்குள் பல் மருத்துவர் ஆறு பற்களைப் பிடுங்கியிருந்தார். எடை 51.

விழுங்கக் கஷ்டப்படுகிறவர்கள் விஷயத்தில் தவறு நேர் எதிராக நடக்கிறது. இங்கே மருந்து தேவைக்கு அதிகமாகப் போகிறது. அம்மாபேட்டையில் பக்கவாதம் வந்த ஒரு பாட்டிக்கு வயிற்றில் இருந்தது வாந்தியாகி நுரையீரலுக்குள் போய்விட்டது. சில மணி நேரத்தில் காய்ச்சலும் மூச்சிரைப்பும். இது வயிற்று அமிலம் நுரையீரலைச் சுட்டதால் வருவது, பல நேரம் ஒன்றிரண்டு நாளில் தணியும். ஆள் ரொம்ப மோசமாக இல்லையென்றால், ஆக்சிஜன் கொடுத்து 48 மணி நேரம் கவனித்துவிட்டு ஆன்டிபயாடிக்கை முடிவு செய்யலாம். உண்மையிலேயே நிமோனியாவாக மாறினால்கூட, குழியோ நெஞ்சறைச் சீழோ இல்லாதபோது ஐந்து முதல் ஏழு நாள் மருந்து பெரும்பாலும் போதும், மெட்ரோனிடசோலைச் சேர்க்க வேண்டாம்.

மூக்கில் டியூப் போட்டுவிட்டோம், இனி பயமில்லை என்று நினைப்பதும் சரியல்ல. டியூப் வழியாகக் கஞ்சி ஊற்றினாலும் எச்சில் தொண்டை வழியாகத்தான் இறங்கும், வயிற்றிலிருந்தும் மேலேறி வரும். அந்தப் பாட்டிக்கு டியூப் இருந்தது, ஆனால் வாயை யாரும் இரண்டு வாரமாகத் தேய்க்கவில்லை. வாயால் சாப்பிடாதவருக்கும் காலையும் இரவும் பல்லும் நாக்கும் துலக்கிவிட வேண்டும். ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, முடிந்த பிறகும் அரை மணி நேரம் படுக்கவிடக் கூடாது. காபி, ரசம், தண்ணீர் போன்றவை கெட்டியான கூழைவிடச் சீக்கிரம் வழிமாறி ஓடும். புரை ஏறுகிறதா என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். இரண்டு வாய் தண்ணீர் குடித்தபின் பேசச் சொல்லுங்கள். குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டால், இருமலே வராவிட்டாலும், ஊட்டுவதை அங்கேயே நிறுத்திவிட்டு விழுங்கும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.